கட்டுரையில் வாக்கியம் முடியவே மாட்டேன் என்கிறது: எங்கே கமா, எங்கே புள்ளி?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முல்லைப் பெரியாறு அணை பற்றி எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். தகவல் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் நான்கு இடங்களில் சிவப்பு மையால் நீளமாகக் கோடு போட்டு, "வாக்கியங்களைக் கமாவால் ஒட்டாதே, பிரித்து எழுது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மிக மோசமாகக் கோடு வாங்கிய பத்தி இது:

"1886ஆம் ஆண்டு திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது, இது 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் ஆகும், 1887ஆம் ஆண்டு பென்னிகுவிக் தலைமையில் பணிகள் தொடங்கி காட்டில் வேலை செய்த தொழிலாளர்கள் பலர் மலேரியாவால் பாதிக்கப்பட்டு வெள்ளம் வந்து கட்டுமானம் அடித்துச் செல்லப்பட்டு மீண்டும் கட்டப்பட்டு 1895ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டது இதனால் வைகைப் பாசனப் பகுதி விவசாயிகள் பெரிதும் பயனடைந்தனர், ஆனால் இந்த அணை தொடர்பான பிரச்சினை இன்றும் தீரவில்லை."

படித்துப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. எங்கே உடைப்பது என்றுதான் தெரியவில்லை. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பொன்வண்டு எழுதியது:

தம்பி, இதற்கு இலக்கணமெல்லாம் வேண்டாம். சத்தம் போட்டுப் படி. மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே முற்றுப்புள்ளி வை. எங்கே லேசாக நிறுத்துகிறாயோ அங்கே கமா. நான் பத்து வருடமாக மேடைப் பேச்சு எழுதிக் கொடுக்கிறேன், இந்த ஒரு வழி போதும்.

ஆங்கிலவாத்தி எழுதியது:

இது கமா ஸ்ப்ளைஸ். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவது. இதற்கு நான்கு தீர்வுகள் உண்டு: புள்ளி வைக்கலாம், செமிகோலன் வைக்கலாம், கமாவுக்குப் பிறகு ஒரு 'அண்டு' அல்லது 'பட்' சேர்க்கலாம், இல்லையென்றால் ஒரு வாக்கியத்தை 'பிகாஸ்', 'ஆல்தோ' போட்டு மற்றொன்றுக்குள் அடக்கலாம். உங்கள் ஆங்கில வரைவைப் போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

வைகைக்கரை எழுதியது:

சார், கட்டுரையே தமிழில்தான். ஆங்கில வரைவு கிடையாது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றாவது வழியை முயன்று பார்த்தேன்:

"1886ஆம் ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது மற்றும் இது 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் ஆகும் மற்றும் 1887ஆம் ஆண்டு பணிகள் தொடங்கின."

பொன்வண்டு அண்ணன் சொன்னபடி மூச்சு விட்டும் பார்த்தேன். அது இப்படி வந்தது:

"1887ஆம் ஆண்டு பென்னிகுவிக் தலைமையில் பணிகள் தொடங்கி. காட்டில் வேலை செய்த தொழிலாளர்கள் பலர் மலேரியாவால் பாதிக்கப்பட்டு. வெள்ளம் வந்து கட்டுமானம் அடித்துச் செல்லப்பட்டு. மீண்டும் கட்டப்பட்டு 1895ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டது."

இரண்டுமே ஏதோ சரியில்லை என்று தெரிகிறது. என்ன சரியில்லை என்று தெரியவில்லை.

மெய்ப்புமேசை எழுதியது:

தம்பி, அந்த இரண்டு முயற்சிகளையும் போட்டது நல்லதாயிற்று. கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அவையே காட்டிவிட்டன. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற ஆள். இந்த மாதிரிப் பத்தி வாரத்துக்கு நாலாவது வரும்.

முதலில் 'மற்றும்' விஷயம். ஆங்கிலத்தில் 'அண்டு' இரண்டு பெயர்களையும் இணைக்கும், இரண்டு முழு வாக்கியங்களையும் இணைக்கும். தமிழில் அந்த வேலையைச் செய்கிற சொல் கிடையாது. 'அரிசியும் பருப்பும்' என்று பெயர்களோடு 'உம்' சேர்ப்போம். 'வந்தானும் உட்கார்ந்தானும்' என்று எவரும் பேசுவதில்லை. 'வந்து உட்கார்ந்தான்' என்போம். அதாவது, தமிழில் இரண்டு செயல்களைச் சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு சொல்லைச் செருகுவதில்லை, முதல் வினையின் வாலை மாற்றுகிறோம். அதனால் 'கையெழுத்தானது மற்றும் பணிகள் தொடங்கின' என்பது ஒட்டாமல் நிற்கிறது. வினைமுற்றுக்குப் பின்னால் 'மற்றும்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுங்கள்.

இரண்டாவது, 'தொடங்கி.' என்று புள்ளி வைத்தது. மூச்சு அங்கே நிற்கும், உண்மைதான். ஆனால் 'தொடங்கி' என்ற சொல் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே நிற்கிறது. தமிழ் வினையில் வாக்கியம் முடிந்ததா இல்லையா என்பது சொல்லின் கடைசி எழுத்துகளிலேயே இருக்கிறது. 'தொடங்கின' என்றால் முடிந்துவிட்டது. 'தொடங்கி' என்றால் முடியவில்லை. முற்று, எச்சம் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். முற்றுக்குப் பின் கமா போட்டால் ஒட்டு வாக்கியம். எச்சத்துக்குப் பின் புள்ளி வைத்தால் அறுந்த வாக்கியம். நீங்கள் முதல் வரைவில் முன்னதைச் செய்தீர்கள், இரண்டாவதில் பின்னதைச் செய்தீர்கள்.

இப்போது ஒரு வேலை. உங்கள் பத்தியில் எங்கெல்லாம் வாக்கியத்தை நிறுத்த முடியுமோ, அந்த வினைகளை மட்டும் வட்டமிட்டு இங்கே எழுதுங்கள். எதையும் திருத்தாதீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

கையெழுத்தானது, ஆகும், திறக்கப்பட்டது, பயனடைந்தனர், தீரவில்லை. ஐந்து வருகிறது ஐயா. 'செய்த' வராது இல்லையா?

மெய்ப்புமேசை எழுதியது:

வராது. 'வேலை செய்த தொழிலாளர்கள்' என்று அது அடுத்த பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஐந்து முற்று, ஒரே ஒரு முற்றுப்புள்ளி. மற்ற நான்கு இடங்களைப் பாருங்கள். 'கையெழுத்தானது,' கமா. 'ஆகும்,' கமா. 'திறக்கப்பட்டது இதனால்' என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை, அது நேராக ஓடுகிறது. 'பயனடைந்தனர், ஆனால்' மறுபடி கமா. ஆக மூன்று ஒட்டு, ஒரு ஓட்டம். ஆனால் இந்த நான்கு இடத்திலும் புள்ளி வைத்துவிட்டால் வேலை முடியாது. நடுவில் 'தொடங்கி... பாதிக்கப்பட்டு... வந்து... செல்லப்பட்டு... கட்டப்பட்டு' என்று ஒரு சரம் இருக்கிறதே, கமாவே இல்லாமல், அதுதான் இந்தப் பத்தியின் பெரிய சிக்கல். ஆசிரியர் கமாவைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார், அவர் கோடு நடுப்பகுதிக்கும் நீள்கிறதா?

வைகைக்கரை எழுதியது:

நீள்கிறது. அங்கே கோட்டுக்கு மேலே ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார்.

மனுஎழுத்தர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினைதான். நான் தாலுகா அலுவலகம் பக்கத்தில் மனு எழுதிக் கொடுக்கிறவன். "நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன், எனக்குச் சொந்தமான நிலத்தின் பட்டாவில் என் தந்தையின் பெயர் தவறாக உள்ளது, எனவே அதனைத் திருத்தி வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முழு மனுவும் ஒரே வாக்கியமாகத்தான் எழுதுவது வழக்கம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் எழுதினார். ஒரே வாக்கியமாக இருந்தால்தான் மரியாதை என்பார். அது தப்பா?

மெய்ப்புமேசை எழுதியது:

அண்ணே, உங்கள் மனுவில் மூன்று முற்று இருக்கிறது: வருகிறேன், உள்ளது, கொள்கிறேன். மூன்று வாக்கியமாகப் பிரித்தாலும் மரியாதை ஒன்றும் குறையாது, அது 'தாழ்மையுடன்' என்ற சொல்லிலும் 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதிலும் இருக்கிறது. 'உள்ளது' என்ற இடத்தில் புள்ளி வைத்தால், படிக்கிற அலுவலர் கண்ணுக்குக் குறை என்ன என்பது தனியாகத் தெரியும். மனுவைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நிறையப் பேசலாம்.

தம்பி, அந்தக் கேள்விக்குறிக்கு வருவோம். சரத்தில் ஒவ்வொரு எச்சத்துக்கும் முன்னால் "யார்? எது?" என்று கேளுங்கள். எது தொடங்கி? பணிகள். யார் பாதிக்கப்பட்டு? தொழிலாளர்கள். எது வந்து? வெள்ளம். எது அடித்துச் செல்லப்பட்டு? கட்டுமானம். மீண்டும் கட்டப்பட்டதும் அதுவே. கடைசியில் எது திறக்கப்பட்டது? அணை. ஒரு வினைமுற்றை நோக்கி ஐந்து எழுவாய்கள் ஓடுகின்றன.

'வந்து', 'பாதிக்கப்பட்டு' போன்ற எச்சம் சாதாரணமாக என்ன எதிர்பார்க்கும்? அதைச் செய்தவரே முடிவில் வரும் வினையையும் செய்ய வேண்டும். 'கண்ணன் கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி வந்தான்' என்றால் போனவனும் வாங்கியவனும் வந்தவனும் கண்ணன்தான். நன்னூலே இதைச் சொல்கிறது. அதனால்தான் இந்தச் சரம் ஒரே ஆளைப் பற்றியது என்றால் எவ்வளவு நீண்டாலும் தாங்கும். ஆள் மாறிக்கொண்டே போனால் இரண்டாவது வளைவிலேயே படிக்கிறவருக்குப் பிடி நழுவும்.

உங்கள் பத்தியில் அது பொருளையே கெடுத்திருக்கிறது. 'தொழிலாளர்கள் பலர் மலேரியாவால் பாதிக்கப்பட்டு வெள்ளம் வந்து' என்று படித்துப் பாருங்கள். மலேரியா வந்ததன் விளைவாக வெள்ளம் வந்தது போல ஒலிக்கிறது. நீங்கள் எழுத நினைத்தது இரண்டும் தனித்தனித் துன்பங்கள் என்பதை.

கூடலழகி எழுதியது:

மெய்ப்புமேசை ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். எழுவாய் வேறு வேறு. இதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. நன்னூலே எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்தாற்போல் வடிவம் திரிந்தாலும் பொருள் திரியாத எச்சங்கள் உண்டு என்று இடம் கொடுக்கிறது. 'ஞாயிறு பட்டு வந்தான்' என்பது உரைகளில் வருகிற உதாரணம். 'ஞாயிறு பட வந்தான்' என்று இருக்க வேண்டியது 'பட்டு' என்று வந்திருக்கிறது. 'கால் ஒடிந்து விழுந்தான்' என்பதும் அப்படித்தான், ஒடிந்தது கால், விழுந்தது ஆள். உறுப்பின் வினை உடையவனோடு சேரும் என்று அதற்கும் தனியாக விதி இருக்கிறது. ஆக, எழுவாய் மாறினாலே பிரிக்க வேண்டும் என்று மாணவருக்குச் சொன்னால் அவர் நல்ல வாக்கியங்களையும் வெட்டிவிடுவார்.

மெய்ப்புமேசை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. 'வெள்ளம் வந்து கட்டுமானம் அடித்துச் செல்லப்பட்டது' என்பதை நான் வெட்ட மாட்டேன். முன்னது காரணம், பின்னது அதன் நேரடி விளைவு, இரண்டே கண்ணி. ஆனால் 'பாதிக்கப்பட்டு வெள்ளம் வந்து' என்பதில் காரண உறவு கிடையாது, இருந்தும் வாக்கியம் அப்படி ஓர் உறவு இருப்பதாகக் காட்டுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் ஒன்று செய்வேன். 'பெய்து' என்ற இடத்தில் 'பெய்ததால்' என்று போட்டுப் படிப்பேன். 'மழை பெய்ததால் குளம் நிறைந்தது', சரி. 'மலேரியாவால் பாதிக்கப்பட்டதால் வெள்ளம் வந்தது', பொருளே இல்லை. எழுவாய் மாறி, 'ததால்' போட்டும் பொருள் வரவில்லை என்றால் அங்கே உடைத்துவிடுவேன்.

கூடலழகி எழுதியது:

அந்தச் சோதனை எல்லா இடத்துக்கும் வராது. 'பொழுது விடிந்து கோழி கூவிற்று' என்றால் விடிந்ததால் கூவிற்று என்று கறாராகச் சொல்ல முடியுமா? காலத்தொடர்ச்சியாகவும் அந்த எச்சம் வரும். ஆனாலும் கட்டுரைத் தமிழுக்கு உங்கள் சோதனை பாதுகாப்பானதுதான். கதை எழுதுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பொன்வண்டு எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. எல்லா இடத்திலும் புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது. எதற்கு இவ்வளவு? இதோ:

"1886ஆம் ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. இது குத்தகை ஒப்பந்தம் ஆகும். இது 999 ஆண்டுகளுக்கானது ஆகும். 1887ஆம் ஆண்டு பணிகள் தொடங்கின. தொழிலாளர்கள் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர். வெள்ளம் வந்தது. கட்டுமானம் அடித்துச் செல்லப்பட்டது. மீண்டும் கட்டப்பட்டது. 1895ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டது."

பிழையே இல்லை.

மெய்ப்புமேசை எழுதியது:

பிழை இல்லைதான் தம்பி. ஆனால் ஒன்பது வாக்கியமும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. ஒப்பந்தத்தின் காலமும் வெள்ளமும் அணை திறந்ததும் ஒரே எடையில் வருகின்றன. வெள்ளத்தால்தான் மீண்டும் கட்ட வேண்டி வந்தது என்ற தொடர்பும் போய்விட்டது. ஒட்டு வாக்கியத்தில் உறவு குழம்பியிருந்தது, இதில் உறவே இல்லை.

முதல் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். 'ஒப்பந்தம் கையெழுத்தானது, இது 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் ஆகும்.' இங்கே 'இது... ஆகும்' என்பது எதற்கு வந்தது? முதலில் 'ஒப்பந்தம்' என்று வெறுமனே எழுதிவிட்டு, பிறகுதான் என்ன ஒப்பந்தம் என்று நினைவு வந்திருக்கிறது. நினைவு வந்த வரிசையிலேயே எழுதிவிட்டீர்கள். தமிழில் பெயரைப் பற்றிய விவரம் பெயருக்கு முன்னால் நிற்கும். ஆகவே அந்த இரண்டாவது வாக்கியத்தை முதல் வாக்கியத்தின் 'ஒப்பந்தம்' என்ற சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் போதும்: 'சென்னை மாகாண அரசுக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1886ஆம் ஆண்டு கையெழுத்தானது.' இரண்டு முற்று ஒன்றாகிவிட்டது, கமாவும் வேண்டாம், 'இது'வும் வேண்டாம், 'ஆகும்' என்பதும் வேண்டாம். மாணவர் கட்டுரைகளில் நான் பார்க்கிற ஒட்டு வாக்கியங்களில் நிறைய இந்த 'இது... ஆகும்' வகைதான். கமாவுக்குப் பின் 'இது', 'இவர்', 'அது' வந்தால் உடனே நின்று பாருங்கள்.

மற்ற இடங்களை நீங்களே முயலுங்கள். 'இதனால்', 'ஆனால்' இரண்டையும் மட்டும் அப்புறம் பேசுவோம்.

வைகைக்கரை எழுதியது:

முயன்றேன் ஐயா.

"சென்னை மாகாண அரசுக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1886ஆம் ஆண்டு கையெழுத்தானது. மறு ஆண்டு பென்னிகுவிக் தலைமையில் பணிகள் தொடங்கின. காட்டில் வேலை செய்த தொழிலாளர்கள் பலர் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர். வெள்ளம் வந்து கட்டுமானம் அடித்துச் செல்லப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. 1895ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டது. இதனால் வைகைப் பாசனப் பகுதி விவசாயிகள் பெரிதும் பயனடைந்தனர், ஆனால் இந்த அணை தொடர்பான பிரச்சினை இன்றும் தீரவில்லை."

'வெள்ளம் வந்து... மீண்டும் கட்டப்பட்டது' என்பது மட்டும் உறுத்துகிறது.

கூடலழகி எழுதியது:

உறுத்த வேண்டும். 'வெள்ளம் வந்து கட்டுமானம் அடித்துச் செல்லப்பட்டு' வரைக்கும் சரி. அதற்குப் பின் 'மீண்டும் கட்டப்பட்டது' என்று மூன்றாவது கண்ணி சேரும்போது, அடித்துச் சென்றது தண்ணீர், கட்டியது மனிதர்கள் என்ற மாற்றம் மறைந்துவிடுகிறது. 'பட்டு', 'பட்டது' என்று செயப்பாட்டு வினையாகவே வருவதால் யார் செய்தார்கள் என்பதும் போய்விட்டது. 'வெள்ளம் வந்து கட்டுமானத்தை அடித்துச் சென்றது. தொழிலாளர்கள் அதை மீண்டும் கட்டினார்கள்' என்று எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் இப்போது வந்ததும் அடித்துச் சென்றதும் வெள்ளமேதான், எழுவாய்ச் சிக்கலே இல்லை. செய்வினையாக மாற்றியதும் எச்சம் தானாகச் சரியாகிவிட்டது பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடித்துச் செல்லப்பட்டது அணை முழுவதுமா, கட்டிக்கொண்டிருந்த பகுதியா? வரலாற்று மாணவர் நீங்கள். 'கட்டுமானம்' என்று பொதுவாக விட்டால் அணை கட்டி முடித்தபின் உடைந்தது என்று ஒருவர் படித்துவிடக் கூடும்.

வைகைக்கரை எழுதியது:

கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா. மாற்றிக்கொள்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

மெய்ப்புமேசை எழுதியது:

அருமையாகப் பிடித்தீர்கள் அம்மா.

சரி, 'இதனால்'. இது இணைப்புச் சொல் போலத் தெரியும், ஆனால் வாக்கியத்தின் தொடக்கத்தில் உட்காருகிற சொல். அதற்கு முன்னால் முற்று வந்தால் புள்ளிதான். எனவே, ஆகவே, ஆகையால், அதனால், மேலும், இருப்பினும் எல்லாம் இந்தக் கூட்டம். உங்கள் முதல் வரைவில் 'திறக்கப்பட்டது இதனால்' என்று குறியே இல்லாமல் ஓடியது இங்கேதான், இப்போது புள்ளி வைத்துவிட்டீர்கள்.

ஆனால் புள்ளி வைத்தபின் ஒரு கேள்வி மிச்சமாகிறது: எதனால்? முன் வாக்கியம் 'அணை திறக்கப்பட்டது' என்கிறது. அணை திறந்ததால் வைகைப் பகுதி விவசாயிக்கு எப்படிப் பயன்? பெரியாறு மேற்கே கேரளப் பக்கம் ஓடுகிற ஆறு. அதன் நீரைக் குகைப்பாதை வழியாகக் கிழக்கே திருப்பினார்கள் என்பதுதான் பயனுக்குக் காரணம். அது உங்கள் பத்தியிலேயே இல்லை. நீண்ட வாக்கியத்துக்குள் 'இதனால்' ஒளிந்திருந்ததால் அந்த இடைவெளி உங்களுக்கும் தெரியவில்லை. ஆகவே 'இதனால்' என்பதை எடுத்துவிட்டுக் காரணத்தையே எழுதுங்கள்.

ஆங்கிலவாத்தி எழுதியது:

ஆரம்பத்தில் நான் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, மன்னிக்கவும். ஆனால் இதில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' இரண்டும் இதே கூட்டம். அவற்றுக்கு முன்னால் கமா மட்டும் போட்டால் பிழை, 'பட்' என்பதற்கு முன்னால் கமா போட்டால் சரி. என் வகுப்பில் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்கு இரண்டும் 'ஆனால்'தான். தமிழில் 'ஆனால்' எந்தப் பக்கம்?

மெய்ப்புமேசை எழுதியது:

என் மேசையில் 'பயனடைந்தனர். ஆனால்' என்று புள்ளிதான் வைப்பேன். முற்றுக்குப் பின் கமா இல்லை என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் மாணவருக்கும் குழப்பம் இல்லை.

கூடலழகி எழுதியது:

நான் இதில் உடன்படவில்லை. இரண்டு பக்கமும் சிறிதாக இருந்தால் 'போனேன், ஆனால் அவர் இல்லை' என்று கமா போடுவதே இயல்பு. அங்கே புள்ளி வைத்தால் தேவையில்லாத நாடகத்தன்மை வருகிறது. பத்திரிகைகளிலும் இரண்டு விதமாகவும் அச்சாகிறது. வைகைக்கரையின் வாக்கியத்தில் இரண்டு பக்கமும் நீளம், அதனால் இங்கே புள்ளி சரி.

'பயனடைந்தபோதிலும் பிரச்சினை தீரவில்லை' என்று இணைக்கவும் வழி உண்டு. ஆனால் அப்படி எழுதினால் விவசாயிகளின் பயன் ஓரத்துக்குப் போய், பிரச்சினை நடுவில் வந்துவிடும். கட்டுரை எதைப் பற்றியது என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பொன்வண்டு எழுதியது:

அப்படியென்றால் 'மண் சரிந்தது, மரம் விழுந்தது, பாதை மூடிக்கொண்டது' என்று நான் மேடைக்கு எழுதுவது எல்லாம் பிழையா? மூன்று முற்று, இரண்டு கமா.

கூடலழகி எழுதியது:

என்னைக் கேட்டால் பிழை இல்லை. மூன்றும் சிறியவை, ஒரே அச்சில் வார்த்தவை, அடுக்கிச் சொல்வதுதான் நோக்கம்.

மெய்ப்புமேசை எழுதியது:

நான் அங்கே அரைப்புள்ளி வைப்பேன். ஒரே எழுவாய் பல பயனிலைகளைப் பெறும்போதும், தொடர்புடைய வாக்கியங்கள் அடுத்தடுத்து வரும்போதும் அரைப்புள்ளி என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம்: 'மண் சரிந்தது; மரம் விழுந்தது; பாதை மூடிக்கொண்டது.' இப்போது அரைப்புள்ளி வைக்கிறவர்களே அருகிவிட்டார்கள், அதனால் அந்த இடத்தையும் கமா எடுத்துக்கொண்டது. ஒட்டு வாக்கியம் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கூடலழகி எழுதியது:

ஓலையில் எழுதிய காலத்தில் இந்தக் குறிகள் எதுவுமே கிடையாதே. அச்சு வந்தபின், ஆறுமுக நாவலர் போன்றவர்களின் உரைநடைப் பதிப்புகள் வழியாகத்தான் இவை நமக்குப் பழகின. அதற்கு முன்பு வாக்கியத்தின் முடிவை வினைமுற்றே காட்டியது. அதனால்தான் குறியைவிட வினையின் வாலைப் பார்க்கச் சொல்வது சரி என்கிறேன். அரைப்புள்ளி விஷயத்தில் உங்களோடு நான் இன்னும் ஒத்துப்போகவில்லை ஐயா. இன்றைய வாசகர் அதைக் கமாவின் கோளாறு என்று நினைக்கிறார்.

மனுஎழுத்தர் எழுதியது:

எட்டுப் பக்கத்தில் இந்த முற்றுகளை எல்லாம் ஒவ்வொன்றாக வட்டமிட முடியுமா? எனக்குக் கண் வலிக்கிறது.

மெய்ப்புமேசை எழுதியது:

கணினியில் தட்டச்சு செய்திருந்தால் `Ctrl+F` அழுத்தி, முதலில் `து,` என்று தேடுங்கள். பிறகு `ர்,` பிறகு `ன,` பிறகு `கும்,` என்று தேடுங்கள். ஒட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவை இந்த நான்கில் சிக்கும். ஒன்றில் கவனம் வேண்டும். `து,` என்று தேடினால் 'வந்தது,' என்பதும் வரும், 'வந்து,' என்பதும் வரும். முன்னது முற்று, திருத்த வேண்டும். பின்னது எச்சம், அங்கே கமா இருக்கலாம். `கும்,` தேடினால் 'ஆகும்,' வரும், கூடவே 'மதுரைக்கும், தேனிக்கும்' போன்றவையும் வரும், அவற்றை விட்டுவிடலாம். கமாவே இல்லாமல் ஓடுகிற வாக்கியம் இதில் சிக்காது. அதற்கு ` இதனால்`, ` எனவே`, ` மேலும்` என்று முன்னால் ஒரு இடைவெளி விட்டுத் தேடி, அதற்கு முன் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எச்சச் சரத்துக்கு மட்டும் குறுக்குவழி இல்லை, "யார்? எது?" என்று கேட்டுக்கொண்டு படிக்கத்தான் வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

தேடினேன். எட்டுப் பக்கத்தில் `து,` மட்டும் 31 இடத்தில் வந்தது. அதில் 19 இடம் முற்று. ஏழு இடத்தில் கமாவுக்கு அடுத்த சொல் 'இது' அல்லது 'இவர்'. ஐயா சொன்னபடி அந்த ஏழையும் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஆறு சரியாக வந்தது, ஒன்றில் பெயருக்கு முன்னால் விவரம் இரண்டு வரி நீண்டுவிட்டது, அதைத் தனி வாக்கியமாகவே விட்டேன்.

பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

"சென்னை மாகாண அரசுக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1886ஆம் ஆண்டு கையெழுத்தானது. மறு ஆண்டு பென்னிகுவிக் தலைமையில் பணிகள் தொடங்கின. காட்டில் வேலை செய்த தொழிலாளர்கள் பலர் மலேரியாவால் பாதிக்கப்பட்டனர். வெள்ளம் வந்து, கட்டிக்கொண்டிருந்த பகுதிகளை அடித்துச் சென்றது. அவற்றை மீண்டும் கட்டி, 1895ஆம் ஆண்டு அணையைத் திறந்தார்கள். மேற்கே ஓடிய பெரியாற்றின் நீர் குகைப்பாதை வழியே கிழக்கே திரும்பியதால் வைகைப் பாசனப் பகுதி விவசாயிகள் பெரிதும் பயனடைந்தனர். ஆனால் இந்த அணை தொடர்பான பிரச்சினை இன்றும் தீரவில்லை."

'கட்டி... திறந்தார்கள்' என்பதில் கட்டியவர்களும் திறந்தவர்களும் ஒருவரேதானா என்று இப்போது எனக்கே சந்தேகம் வருகிறது. கட்டியவர்கள் தொழிலாளர்கள், திறந்தது அரசு.

கூடலழகி எழுதியது:

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். 'அவற்றை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. 1895ஆம் ஆண்டு அணை திறக்கப்பட்டது' என்று விடுங்கள். இந்த ஓரிடத்தில் செயப்பாட்டு வினையே பொருத்தம், திறந்தது யார் என்பது உங்கள் பத்திக்குத் தேவையில்லை.

மெய்ப்புமேசை எழுதியது:

ஆமாம், அப்படியே விடுங்கள். 'வெள்ளம் வந்து,' என்பதற்குப் பின் உள்ள கமாவை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது, அவ்வளவு சின்ன எச்சத்துக்கு நிறுத்தம் வேண்டாம். மற்ற மூன்று கோடுகள் உள்ள பத்திகளையும் போடுங்கள். இன்று இரவு ஒன்பது மணிக்கு மேல் பார்க்கிறேன்.